பூவண்டி காத்திருந்த நேரம்

விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் ஊர்க் கோயிலின் முன்னால் ஒரு சரக்கு வண்டி வந்து நிற்கும். ‘குட்டி யானை’ என்று எல்லோரும் அழைக்கும் சிறிய வண்டிதான். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவதில்லை. இயந்திரத்தின் உறுமலைக் கேட்டவுடனே தெருவின் இரு பக்கங்களிலிருந்தும் தலையில் பைகளோடு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். சிலருடைய நெற்றியில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். தோட்டத்திலிருந்து நேரே வருகிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகையை நம்பி வாழும் பல ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. 2017ஆம் ஆண்டில் தந்தையாருக்குக் கால் முறிந்தது. அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருந்த நான், அதன் பின் இரண்டு ஆண்டுகள் அந்த வண்டியில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்வந்தேன். சரக்கு வண்டியில் பூவோடு பூவாக ஆட்கள் ஏறுவது சட்டத்திற்குப் புறம்பானது, ஆபத்தும்கூட. ஆகவே ஓட்டுநருக்கு அருகில் ஒருவர் மட்டும் போவார். பன்னிரண்டு வீட்டுப் பைகளுக்கும் அவரே பொறுப்பாளி. அந்த ஒருவனாகத்தான் நான் இருந்தேன். கையில் ஒரு கணக்கு நோட்டும், சட்டைப் பையில் ஒரு பேனாவும் இருக்கும். அந்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்றதை நினைத்துப் பார்க்கும்போது, ஒரு குறிப்பிட்ட தை மாதத்து விடியல்தான் முதலில் கண் முன் வருகிறது. அதைச் சொல்வதற்கு முன், மல்லிகை எப்படிப்பட்ட பயிர் என்பதைச் சிறிது விளக்கிவிடுகிறேன்.

மல்லிகையை மலராகப் பறிப்பதில்லை, மொட்டாகவே பறிக்கிறோம். இன்று மாலை விரியவிருக்கும் மொட்டு, இன்று அதிகாலையில் நன்றாகத் திரண்டு வெண்மையாக நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே நாளைக்கு உரிய மொட்டு சற்றுச் சிறிதாக, இளம்பச்சை கலந்து இருக்கும். அவசரத்தில் அதையும் சேர்த்துப் பறித்தால் இன்றைய பையின் தரமும் குறையும், நாளைய வரவும் குறையும். விளக்கு வெளிச்சத்தில் இந்த இரண்டையும் விரல் நுனியால் பிரித்தறிவதுதான் பறிப்பவரின் திறமை. ஒரு கிலோவில் நாலாயிரம் மொட்டுகளுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு கை பறித்தது.

சித்திரை, வைகாசியில் செடியெங்கும் வெள்ளையாக இருக்கும். கைப்பழக்கம் உள்ளவர் மணிக்கு ஒரு கிலோ எளிதாகப் பறித்துவிடுவார். மார்கழி, தை மாதக் குளிரில் பூ அருகிவிடும். ஒரு செடியில் நாலு மொட்டு, அடுத்த செடியில் இரண்டு என்று தேடித் தேடிப் பறிக்க வேண்டும். அப்போது மணிக்கு அரைக் கிலோ சேர்ந்தால் பெரிது. பூ குறைவதால் விலை ஏறுகிறது. பூ குறைவதாலேயே பறிப்பதற்கு நேரமும் ஏறுகிறது. ஆகவே எந்த நாளில் சீக்கிரம் சந்தைக்குப் போக வேண்டுமோ, அந்த நாளில்தான் பை நிறையத் தாமதமாகிறது. பூக்காரர் வாழ்வின் பெரிய முடிச்சு இது.

பறித்த பிறகும் மொட்டு உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது வெப்பம் உண்டாகிறது. பையில் அழுத்தி அடைத்தால் அந்த வெப்பம் நடுவிலேயே தங்கிவிடும். அதனால் எங்கள் ஊரில் துணிப்பையையோ சணல் பையையோதான் பயன்படுத்துவோம். தளர்வாக நிரப்பி, பையின் வெளிப்புறத்தை மட்டும் நனைப்போம். வண்டியில் சம்பங்கியும் அரளியும் கோழிக்கொண்டையும் முதலில் ஏறும். மல்லிகை கடைசியில், எல்லாவற்றிற்கும் மேலே. அதன் மேல் எந்தப் பாரமும் வைக்கக் கூடாது. சந்தையில் கமிஷன் கடைக்காரர் பையைப் பிரித்ததும் மேலே இருக்கும் பூவைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டு வரை கையை நடுவில் விட்டுப் பார்ப்பார். குளிர்ச்சியாக இருந்தால் பேசாமல் தராசில் வைப்பார். வெதுவெதுப்பாக இருந்தால், “வெந்த பூ” என்று ஒரே சொல்லில் விலையைக் குறைத்துவிடுவார். பின்பு ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். ஊதா நிறம் ஏறிய மொட்டுகள் இருந்தால் தோட்டத்தில் மொட்டுப்புழு விழுந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

பூவின் மேலேயே தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அது நெடுநாள் செல்லாது. ஈரப்பூ ஒன்றோடொன்று ஒட்டும், சீக்கிரம் பழுக்கும். அடுத்த முறை அந்த வீட்டுப் பை என்றாலே ஈரத்திற்கென்று நூறு, இருநூறு கிராமைக் கழித்துக்கொண்டுதான் எழுதுவார்கள். ஒரு வண்டியில் வந்த பைகளில் ஒன்று ஈரமானால் மற்ற பதினொரு பைகளின் மேலும் அந்தச் சந்தேகம் விழும். பன்னிரண்டு வீடுகள் ஒரே வண்டியில் போகிறோம் என்பதன் பொருளை முதலில் எனக்கு உணர்த்தியது இந்த ஈரம்தான். வாடகையை மட்டுமல்ல, பெயரையும் பகிர்ந்துகொள்கிறோம்.

எடையிலும் ஒரு சங்கடம் உண்டு. ஊரில் நாங்கள் தூக்குத்தராசில் நிறுத்து நோட்டில் எழுதும் நான்கு கிலோ, மாட்டுத்தாவணியில் மின்தராசில் மூன்று கிலோ தொள்ளாயிரமாக நிற்கும். தொடக்கத்தில் சிலர் என்னைச் சந்தேகக் கண்ணோடு பார்த்ததுண்டு. வழியில் பூவிலிருந்து நீர் ஆவியாவதே அதற்குக் காரணம். ஒருநாள் எங்கள் வீட்டுப் பையையே போகும்போதும் கடையிலும் எல்லோருக்கும் தெரியும்படி நிறுத்து, இரண்டு எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அதன் பின் அந்தப் பேச்சு நின்றது.

இனி அந்தத் தை மாதத்து நாளுக்கு வருகிறேன்.

2019ஆம் ஆண்டு. முகூர்த்த நாளின் முந்திய விடியல். திருமண வீடுகளுக்கு மாலை கட்டுகிறவர்களும், வெளியூர்களுக்குப் பூ அனுப்புகிறவர்களும் அன்று சந்தையில் மொய்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வீடுகளிலும் சேர்த்து மல்லிகை முப்பத்தெட்டு கிலோதான் எதிர்பார்த்தோம். வண்டி நான்கு மணிக்கு வந்துவிட்டது. நான்கு பத்துக்குள் பதினொரு பைகள் ஏறிவிட்டன. பன்னிரண்டாவது பையைக் காணோம்.

அது ஊர்க் கோடியில் இருபது சென்ட் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியம்மாவின் பை. உறவுமுறையில் பெரியம்மா அல்லர். ஊர் முறையில் அப்படி அழைப்போம். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தாயும் மகளுமாக இரவு ஒன்றரை மணிக்கு விளக்கோடு இறங்கினால் நான்கு மணிக்குள் இரண்டரைக் கிலோ அளவுக்குச் சேர்த்துவிடுவார்கள். அன்று மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். பெரியம்மா தனியாகப் பன்னிரண்டு மணிக்கே தோட்டத்தில் இறங்கியிருந்தார். நாங்கள் அதை அப்போது அறியோம்.

நான்கு இருபது ஆயிற்று. வண்டியைச் சுற்றி முணுமுணுப்பு எழுந்தது. “அவுக ஒரு பைக்காக எல்லாரும் நட்டப்படணுமா?” என்றார் ஒருவர். எனக்கும் அதே எண்ணந்தான். கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குச் சற்று அதிகாரமும் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

“போகலாம் அண்ணே. இனிமே வந்தா வரட்டும், வராட்டி பஸ்ஸுல நிலக்கோட்டைக்குக் கொண்டுபோகட்டும்” என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

அவர் சாவியைத் திருகவில்லை. “தம்பி, ஏத்துறேன்னு சொன்ன பையை விட்டுட்டு நான் எப்பவும் போனதில்ல” என்று மட்டும் சொன்னார். பிறகு கீழே இறங்கி, மல்லிகைப் பைகளின் மேல் போட்டிருந்த ஈரத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான்கு நாற்பதுக்குப் பெரியம்மா வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்ததில் மூச்சு வாங்கியது. பையை நிறுத்தேன், இரண்டு கிலோ நானூறு. எழுதிக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி, “பெரியம்மா, இன்னிக்கு ஊருக்கே நட்டம் உங்களால” என்றேன். அவர் பதில் பேசவில்லை. நெற்றி விளக்கைக் கழற்றி அணைத்தார். இருட்டில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமற் போனதே எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

கொடைரோடு போய்ப் பெருஞ்சாலையில் ஏறி, வாடிப்பட்டி, சமயநல்லூர் கடந்து மதுரைக்குள் நுழைவது எங்கள் வழி. சாதாரணமாக ஐந்தேகாலுக்குப் போய்ச் சேரும் வண்டி அன்று ஐந்து ஐம்பத்தைந்துக்குத்தான் சேர்ந்தது. பூச்சந்தையில் விலை என்பது அன்றைய நாளுக்கென்று எழுதி வைத்த ஒரே எண் அன்று. வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் முதலில் வாங்குவார்கள். அவர்களுக்குப் பேருந்து நேரம் இருக்கிறது. அடுத்து மாலைக் கடைக்காரர்கள். இவ்விருவர் தேவையும் நிறையும் வரை விலை நிற்கும். அதற்குள் பிற ஊர் வண்டிகளும் வந்து குவியும். பின்பு சில்லறையில் கட்டி விற்கும் பெண்கள் பேரம் பேசுவார்கள். கடைசியில் மிஞ்சுவதை வாசனைத் தைலம் எடுக்கும் ஆலைகளுக்கு அனுப்புகிறவர்கள் மிகக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அன்று நாங்கள் சேர்ந்தபோது முதல் கூட்டம் கலைந்துவிட்டது. எங்களுக்கு முன்னே அதே கடைக்கு வந்த பக்கத்து ஊர்ப் பூ கிலோ 1,800 ரூபாய்க்குப் போயிருந்தது. எங்களுக்கு 1,600 கிடைத்தது. வேறு கடைக்குப் போய்க் கேட்கவும் முடியாது. மழைக்காலத்தில் உரத்திற்கும் மருந்திற்கும் முன்பணம் வாங்கிய கடை அது. முன்பணம் இருக்கும்வரை பூ அங்கேதான் இறங்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் நோட்டை மடியில் வைத்துக் கணக்குப் போட்டேன். மற்றப் பதினொரு வீட்டார் பூ முப்பத்தைந்து கிலோ அறுநூறு. கிலோவுக்கு இருநூறு வீதம் 7,120 ரூபாய் குறைந்திருந்தது. கடைக்குக் கமிஷன் நூற்றுக்குப் பத்து. அதைக் கழித்தால் அவர்கள் கைக்கு வராமற் போனது 6,408 ரூபாய். பெரியம்மாவின் பூவுக்குக் கிடைத்ததோ 3,840. கமிஷன் போக 3,456. கிலோவுக்கு ஐந்து ரூபாய் வண்டி வாடகை பன்னிரண்டு ரூபாய் போக 3,444. ஒருவருக்கு மூவாயிரத்து நானூறு கிடைப்பதற்காக மற்றவர்கள் ஆறாயிரத்து நானூறை இழந்தார்கள். கணக்கு என் பக்கம் இருந்தது. வண்டி காத்திருந்தது தவறு என்று எண்கள் தெளிவாகவே சொல்லின.

பணத்தைப் பங்கிட்டபோது இந்தக் கணக்கை வாய்விட்டுப் படித்தேன். பெரியம்மா தம் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் நான்கு மணிக்கு அவர் பை வரவில்லை. விசாரித்தபோது, முதல் பேருந்தில் நிலக்கோட்டைச் சந்தைக்குத் தாமே கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். பேருந்துக் கூட்டத்தில் பை நெருங்கிப் பூ வெந்துபோய், பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாராம். இதைக் கேட்டபோது சிலர் “ஐயோ பாவம்” என்றார்கள். நான் தலை குனிந்திருந்தேன். ஆனால் கணக்கு தவறு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

அன்று மாலை என் தாயார் திண்ணையில் அமர்ந்து பைகளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டை விரித்து அவரிடமும் கணக்கைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஊசியை நிறுத்தினார்.

“எல்லாஞ் சரிதாண்டா. நாப்பது நிமிசம் வண்டியைச் சுத்தி எத்தனை பேரு நின்னீங்க?”

“பத்துப் பேருக்கு மேல இருக்கும்மா.”

“பத்துப் பேரும் நின்னு அவளை வைஞ்சீங்க. அதுல நாலு பேரு தோட்டத்துக்கு நடந்து போயிருந்தா அந்தப் பூவைப் பறிச்சு முடிச்சிருக்க மாட்டீங்களா?”

அந்தக் கேள்விக்கு விடையை நோட்டிலேயே போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு மணியிலிருந்து தனியாகப் பறித்தவர் மூன்றரை மணிக்கு ஒன்றேமுக்கால் கிலோ சேர்த்திருப்பார். மீதம் இருந்தது அறுநூற்றைம்பது கிராம். தை மாதத்தில் ஒருவருக்கு மணிக்கு அரைக் கிலோ. ஒற்றை ஆளுக்கு அது ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட வேலை. அவரோடு நாலு பேர் சேர்ந்து ஐவரானால் கால் மணி நேரத்து வேலை. எங்கள் ஊரில் பலர் மூன்றரைக்கே பறித்து முடித்து, வண்டி வரும்வரை கோயில் படியில் உட்கார்ந்திருப்பார்கள். அன்று வண்டி நான்கு மணிக்கே புறப்பட்டிருக்கலாம். கிலோவுக்கு 1,800 எல்லோருக்கும் கிடைத்திருக்கும், பெரியம்மாவுக்கும் சேர்த்து.

என் கணக்கில் எண்கள் பிழையில்லை. கேள்விதான் பிழை. காத்திருப்பதா, விட்டுப் போவதா என்ற இரண்டையே நான் எடைபோட்டேன். மூன்றாவதாக ஒன்று இருப்பது, தோட்டத்தில் நின்று பறித்தறிந்த ஒருவருடைய கண்ணுக்கே தெரிந்தது.

பெரியம்மா வீட்டிற்கு அன்றிரவே போனேன். வாசலில் நின்று, “நான் பேசினது தப்பு பெரியம்மா. நாளைக்கு வண்டிக்குப் பையைக் கொண்டாங்க” என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சிறிது பொறுத்து, “பறிச்சு முடியலைன்னா?” என்று கேட்டார். “மூன்றரைக்கு நான் வர்றேன்” என்றேன். மறுநாள் நானும் ஓட்டுநரின் தம்பியும் வேறு இருவரும் போனோம். என் கை பழகாத கை. நான் பறித்ததில் நாளைய மொட்டுகளும் கலந்திருந்தன. பெரியம்மா அவற்றைப் பொறுக்கி எடுத்துக் காட்டினார், திட்டவில்லை. மூன்று ஐம்பதுக்குப் பை கோயில் முன்னால் இருந்தது.

அது மெல்ல ஊர் வழக்கமாயிற்று. பறித்து முடித்தவர் எந்தத் தோட்டத்தில் விளக்கு இன்னும் அசைகிறதோ அங்கே போவார். இருட்டில் அதைக் கண்டுகொள்வது எளிது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்த வழக்கம் பூ அருகிய மாதங்களுக்கே பொருந்தியது. சித்திரையில் எல்லாத் தோட்டமும் நிறைந்து கிடக்கும். யாருக்கும் ஒழிந்த கை இருக்காது. அந்த மாதங்களில் ஒவ்வொரு பையும் பெரிதாக இருப்பதால், வண்டி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பையின் நடுவே வெப்பம் ஏறும். ஆகவே அப்போது நான்கு பத்துக்கு வண்டி புறப்பட்டுவிடும் என்றும், பிந்திய பையை யாராவது இருசக்கர வண்டியில் கொடைரோட்டில் கொண்டுவந்து சேர்ப்பது என்றும் எல்லோரையும் வைத்துப் பேசி முடிவு செய்தோம். எரிபொருள் செலவு பொதுவில். எந்த மாதத்தில் எந்த முறை என்பதைப் பூவின் வரத்தே சொல்லிவிடும். அதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

2019ஆம் ஆண்டு முடிவில் தந்தையார் நடமாடத் தொடங்கியதும் நோட்டை அவரிடம் ஒப்படைத்தேன். இப்போது ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். நேரம், வேலை, ஆட்கள் பற்றிய கணக்கு வரும்போதெல்லாம், ஐந்து பேர், அறுநூற்றைம்பது கிராம் மல்லிகை என்று கரும்பலகையில் எழுதுகிறேன். மாணவர்கள் விரைவாகவே விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த விடையைக் காண நான் ஒரு நாளும் இரவும் தாமதித்தேன் என்பதை அவர்களிடம் சொல்வதுண்டு. இருட்டில் நெற்றி விளக்கைக் கழற்றி அணைத்த அந்தக் கையை மட்டும் இதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை.